மருமகன் போனில் ஏறாத சார்ஜ்

"ஃபாஸ்ட் சார்ஜர் எண்டுதானே தந்தீங்க, ஸ்லோவா ஏறுதே" என்று என் முகத்துக்கு நேரே சொல்லாத ஆளைக் காத்தான்குடியில் தேடித்தான் பிடிக்க வேண்டும். போன் திருத்தும் கடை வைத்து இத்தனை வருடமாகியும் அந்த வார்த்தையைக் கேட்டால் எனக்குப் பற்றிக்கொண்டு வரும். பெட்டியில் பெரிய எழுத்தில் வாட் கணக்குப் போட்டிருந்தால் அவ்வளவும் போனுக்குள் பாய்ந்துவிடும் என்று நினைக்கிறார்கள். போன் என்ன, மோட்டர் போட்டு நிரப்புகிற தண்ணீர்த் தாங்கியா?

ஒருநாள் செட்டிபாளையத்து மீன்காரர் ஒருவர் வந்தார். அவருடைய போன் ஒரு சீனக் கொம்பனியுடையது. அதற்கென்று அந்தக் கொம்பனியே செய்த சார்ஜர் ஒன்று உண்டு. அதைத் தொலைத்துவிட்டு, கட்டாரிலிருந்து வந்த மச்சானிடம், பல கொம்பனிப் போனுக்கும் பொதுவான பவர் டெலிவரி சார்ஜர் ஒன்று வாங்கியிருந்தார். நல்ல சாமான்தான். ஆனால் இரண்டுக்கும் பேச்சுவார்த்தை இல்லை. அந்தப் போனுக்கு முழு வேகத்தில் ஏற வேண்டுமானால் தன் கொம்பனிப் பாஷையில் யாராவது பேச வேண்டும். பேசாவிட்டால் உயிரைப் பிடித்துக்கொள்ளக் கொஞ்சம்போல எடுத்துக்கொண்டு கிடக்கும். இதை அரை மணித்தியாலம் விளக்கினேன். எல்லாவற்றுக்கும் தலையாட்டிவிட்டு, "அப்ப மச்சான் என்னை ஏமாத்திப்போட்டான்" என்று எழுந்து போனார். நல்ல மனிதன் ஒருவனுக்கு என்னால் கெட்ட பெயர்.

அந்த மாதிரிப் பழி எனக்கே வரும் என்று அப்போது தெரியாது.

எங்கள் பக்கத்தில் கல்யாணம் முடித்தால் மாப்பிள்ளைதான் பெண் வீட்டுக்குப் போவார். வீடு பெண்ணுடையது. மாமி சமைப்பார், மாமா கவனிப்பார், மருமகன் ராசா மாதிரி இருக்க வேண்டும். மருமகன் முகம் கொஞ்சம் வாடினாலும் அந்த வீட்டில் அன்றைக்குப் பகல் சாப்பாடு இறங்காது. பிரதான வீதியில் சாரன் துணிக் கடை வைத்திருக்கும் ஹாஜியார் ஒருவருடைய மகளுக்கு அப்படித்தான் கல்யாணம் நடந்தது. மாப்பிள்ளை கணக்குப் படிப்பிக்கிற ஆசிரியர். அவருடைய போனுக்கென்று என் கடையில் இருந்த நாற்பத்தைந்து வாட் சார்ஜரை ஹாஜியார் கையால் எடுத்துப் பார்த்து, பாரம் பார்த்து வாங்கிக்கொண்டு போயிருந்தார். ஒன்றுக்கு இரண்டு துவாரம் உள்ளது.

மூன்று மாதம் கழித்து அதே சார்ஜரைக் கொண்டுவந்து கண்ணாடி மேசையில் வைத்தார். வைத்தார் என்ன, போட்டார்.

"தம்பி, இது டூப்ளிக்கேட்டா?"

எனக்குச் சுர்ரென்றது. "ஆர் சொன்னது, ஹாஜியார்?"

அவர் கடைக்குள் வேறு யாரும் இருக்கிறார்களா என்று திரும்பிப் பார்த்தார். பிறகு கதிரையை இழுத்துக்கொண்டு கிட்ட வந்தார்.

"மருமகன் ஒவ்வொரு நாளும் பின்னேரம் அஸர் தொழுதிட்டு தன்ட உம்மாட ஊட்ட போறாரு. இஷாக்குப் பொறகு, ராவாகித்தான் வாறாரு. ஏன் எண்டு மாமிக்காரி கேட்டிருக்கா. இஞ்ச போன்ல சார்ஜ் ஏறுதில்ல, அங்கதான் கெதியா ஏறுது எண்டாராம்."

"சார்ஜ் போடவா போறாரு?"

"சார்ஜ் போடத்தான். ஆனா ஊர் அப்பிடியா சொல்லும்? நேத்து ஒராள் கடையில வச்சே கேக்குறான், மருமகன் ஊட்டோட இல்லையா எண்டு. எனக்கு முகத்த எங்க வைக்கிற தம்பி?"

மனிதர் குரல் உண்மையிலேயே உடைந்திருந்தது. எனக்குப் பாவமாகவும் இருந்தது, கோபமாகவும் இருந்தது. என் சார்ஜரால் ஒரு குடும்பம் கலைகிறதாம். அப்படியொரு பேச்சு வெளியே போனால் நான் கடையைச் சாத்திவிட்டு வாவியில் இறால் பிடிக்கத்தான் போக வேண்டும்.

என்னிடம் தீப்பெட்டி அளவில் ஒரு மீட்டர் இருக்கிறது. சார்ஜருக்கும் வயருக்கும் நடுவில் குத்தினால் எத்தனை வோல்ட், எத்தனை அம்பியர் போகிறது என்று காட்டும். அதைக் குத்தி, மருமகனுடையது மாதிரியே கடையில் இருந்த ஒரு போனைப் போட்டேன். மீட்டர் முதலில் ஐந்து வோல்ட் காட்டியது. ஒரு கணம் கழித்து ஒன்பதை நோக்கி ஏறியது. அதன் பிறகு இலக்கம் கொஞ்சம் கொஞ்சமாக அசைந்துகொண்டே இருந்தது. பெருக்கிப் பார்த்தால் இருபத்துநாலு வாட். அந்தப் போன் எடுக்கக்கூடியதே இருபத்தைந்துதான்.

"பாருங்க ஹாஜியார். ஒரிஜினல்."

"இதென்ன இலக்கம் ஆடிக்கொண்டு கிடக்கு? பழுதா?"

"பழுதில்ல. பேசுது."

ஹோட்டலை வைத்துத்தான் விளக்கினேன். வயரைக் குத்தியதும் சார்ஜர் முதலில் ஹோட்டல் வெயிட்டர் மாதிரி என்னென்ன இருக்கிறது என்று சொல்லும். ஐந்து வோல்ட் இருக்கு, ஒன்பது இருக்கு, பதினைந்து இருக்கு, இருபது இருக்கு. போன் தனக்கு வேண்டியதைக் கேட்கும். சார்ஜர் தானாக எதையும் திணிக்காது. அதுதான் பவர் டெலிவரி. இந்தச் சார்ஜர் அதற்கும் ஒரு படி மேல். பட்டியலில் உள்ளதை மட்டும் எடு என்று சொல்லாமல், இந்த எல்லைக்குள் எவ்வளவு வேண்டுமானாலும் கேள் என்று சொல்லும். போனும் சில விநாடிக்கு ஒருதரம் கொஞ்சம் கூட்டு, கொஞ்சம் குறை என்று கேட்டுக்கொண்டே இருக்கும். ஒரு வோல்ட்டை ஐம்பதாகப் பிரித்தால் வருகிற அளவுக்குச் சின்னச் சின்னப் படியாக ஏறி இறங்கும். பற்றரிக்கு எது பொருத்தமோ அதையே சார்ஜர் தந்துவிடுவதால் போனுக்குள் மாற்றுகிற வேலை குறைவு, சூடும் குறைவு.

ஹாஜியார் கவனமாகக் கேட்டார். "அப்ப இஞ்ச பேசுற சாமான் எங்கட ஊட்ட மட்டும் ஏன் பேசுதில்ல?"

நியாயமான கேள்வி. எனக்கு விடை தெரியாது. தெரியாது என்று சொல்லிப் பழக்கமும் இல்லை. "வயராத்தான் இருக்கும்" என்றேன்.

அடுத்த நாள் பாடசாலை விட்டதும் மருமகனே போனும் வயருமாக வந்தார். அமைதியான மனிதர். சட்டைப் பையில் சிவப்புப் பேனை. வயரைச் சோதித்தேன், நல்ல வயர். போன் அமைப்புக்குள் போய் வேகச் சார்ஜ் நிறுத்தி வைத்திருக்கிறதா என்று பார்த்தேன். நிறுத்தவில்லை. அவர் போனை அவர் வயரில் என் மேசையிலேயே குத்தினேன். இருபத்துநாலு வாட்.

"சேர், சார்ஜ் எத்தன வீதத்தில இருக்கக்க குத்துறீங்க? எண்பது தாண்டினா போனே வேகத்தக் குறைக்கும்."

"முப்பது, முப்பத்தஞ்சில குத்துறன்."

"வெயில்ல வைக்கிறீங்களா? கேம் விளையாடிக்கொண்டு போடுறீங்களா?"

"இல்ல. கட்டில் பக்கத்திலதான்."

"அப்ப அங்க எப்பிடி ஏறுது? உம்மாட ஊட்ட?"

அவர் ஒரு நொடி யோசித்தார். "அங்க பரவாயில்ல" என்றார்.

கணக்கு வாத்தியார் ஒருவர் இலக்கம் சொல்லாமல் "பரவாயில்ல" என்று சொன்னபோதே எனக்கு உறைத்திருக்க வேண்டும். உறைக்கவில்லை. எனக்கு அப்போது வெறி பிடித்திருந்தது. என் மேசையில் ஓடுகிற சாமான் இன்னொருவர் வீட்டில் நடக்க மறுக்கிறது என்றால் அது எனக்கு அவமானம். வெள்ளிக்கிழமை ஜும்ஆத் தொழுகை முடிந்ததும் மீட்டரைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு ஹாஜியார் வீட்டுக்கே போனேன்.

போன காரியத்தைச் செய்ய உடனே விட்டார்களா? முதலில் உட்கார வைத்தார்கள். தேத்தண்ணி வந்தது. தொதல் வந்தது. வட்டிலப்பம் வந்தது. மருமகன் வந்த நாளிலிருந்து அந்த வீட்டில் பண்டத்துக்குக் குறைவில்லை என்று தெரிந்தது. மாமி திரைக்கு அந்தப் பக்கம் நின்று, "நாங்க என்ன குறை வச்சம், சார்ஜர்ல போய் மாட்டுப்பட்டமே" என்று ஹாஜியாரிடம் சொல்வது எனக்குக் கேட்க வேண்டும் என்றே சொன்னார்.

பிறகு அறைக்குக் கூட்டிக்கொண்டு போனார்கள். கட்டிலுக்குப் பின்னால் சுவரில் சார்ஜர். நடுவில் மீட்டரைக் குத்தி மருமகனின் போனைப் போட்டேன். ஐந்து வோல்ட். காத்திருந்தேன். ஐந்து வோல்ட்டேதான். ஏழு வாட்டுக்கு மேல் போகவில்லை. ஹாஜியார் மீட்டரைப் பார்த்தார், என்னைப் பார்த்தார்.

"இப்ப என்ன சொல்றீங்க தம்பி?"

மீட்டரைக் கழற்றித் திரும்பக் குத்தினேன். அதே ஐந்துதான். வேர்த்தது. வேர்க்கவும் இளங்காற்று ஒன்று கழுத்தில் பட்டது. திரும்பினேன். கட்டில் தலைமாட்டில், சார்ஜ் போட்டுப் பாவிக்கிற சின்ன மேசை விசிறி ஒன்று சுற்றிக்கொண்டிருந்தது. அதன் வயர் திரைச்சீலைக்குப் பின்னால் இறங்கி, கட்டிலைச் சுற்றிப் போய், அதே சார்ஜரின் இரண்டாவது துவாரத்தில் முடிந்தது.

"இதார் குத்தினது?"

"நான்தான்" என்றார் மாமி, திரையை மறந்து வாசலுக்கே வந்து. "கரண்ட் போனா மருமகனுக்குக் காத்து வேணுமே. அவர் வந்த நாளையிலிருந்து களட்டினதே இல்ல."

விசிறியின் வயரைப் பிடுங்கினேன். மீட்டர் ஒருதரம் அணைந்து எரிந்தது. ஐந்து வோல்ட், பிறகு ஒன்பதுக்குப் பக்கத்தில், இருபத்துநாலு வாட். போன் திரையில் அதிவேகச் சார்ஜ் என்று வந்தது.

எனக்கு வந்த சந்தோசத்தைச் சொல்லி முடியாது. அந்தச் சார்ஜரில் ஒரு துவாரம் மட்டும் வேலை செய்தால் முழு வேகமும் தரும். இரண்டையும் பாவித்தால் பேச்சுவார்த்தையை நிறுத்திவிட்டு, இரண்டுக்கும் சேர்த்து ஐந்து வோல்ட்டில் பதினைந்து வாட்டைப் பங்கு போட்டுக் கொடுக்கும். இப்படிச் செய்கிற சார்ஜர்கள் எத்தனையோ உண்டு. விசிறி நிரம்பிக் கிடந்தாலும் வயர் குத்தியிருந்தால் இதே கதைதான். பெட்டியின் பின்பக்கம் பொடி எழுத்தில் போட்டிருக்கும். விற்ற நானே வாசிக்காததை அவர்கள் எங்கே வாசிப்பது? மூன்று மாதமாக மருமகன் போனைப் பட்டினி போட்டது மாமியின் உபசாரம்தான்.

"அல்லாஹ்வே, நானா செஞ்சன்" என்று மாமி முகத்தைப் பொத்திக்கொண்டார். ஹாஜியார் விழுந்து விழுந்து சிரித்தார். என் தோளில் தட்டினார். விசிறிக்குத் தனியாக ஒரு பழைய சார்ஜரை நானே பொருத்திக் கொடுத்தேன். மருமகனும் அவர் மனைவியும் பக்கத்தில் நின்றார்கள். மருமகன், "நல்லம்" என்றார். அவ்வளவுதான். இவ்வளவு மினக்கெட்டவனுக்கு வாய் திறந்து ஒரு வார்த்தை நன்றி சொல்ல முடியாத மனிதனா என்று வீடு வரும்வரை மனதுக்குள் ஏசிக்கொண்டு வந்தேன்.

அதன்பிறகு ஒரு கிழமை நான் தரையில் நடக்கவில்லை. வருகிறவன் போகிறவனுக்கெல்லாம் இந்தக் கதைதான். ஹாஜியாரும் தன் கடையில் சொல்லியிருக்கிறார். மருமகன் இப்போது பின்னேரமெல்லாம் வீட்டோடுதான் என்று சாரன் வாங்க வந்தவர்களுக்கும் தெரிந்திருந்தது.

அடுத்த சனிக்கிழமை ஒரு அம்மா கடைக்கு வந்தார். அறுபது வயதிருக்கும். கறுப்பு அபாயா, கையில் ஒரு துணிப் பை. பைக்குள்ளிருந்து சார்ஜர் ஒன்றையும் வயரையும் எடுத்து வைத்தார். வயர் கழுத்தில் வெடித்து, பிளாஸ்டர் சுற்றியிருந்தது.

"மனே, இதக் கொஞ்சம் பாருங்க. இது பெலன் இல்லாமப் போயிட்டுப்போல."

"என்ன செய்யுது, உம்மா?"

"எனக்கென்ன தெரியும். ஆத்தங்கரப் பக்கம் இருக்கிறன், தனியத்தான். மகன் ஒவ்வொரு நாளும் வந்து இதிலதான் போனுக்குச் சார்ஜ் போடுவாரு. கணக்கு வாத்தியார். கலியாணம் முடிச்சுப் போயிட்டாரு. இப்ப ஒரு கிழமையா வாறாருல்ல. மருமகள்ட ஊட்ட நல்லா ஏறுதாம்."

பிளாஸ்டரைப் பிரிப்பதை விட்டுவிட்டு நிமிர்ந்து அவரைப் பார்த்தேன்.

"இதவிடக் கெதியா ஏறுறது இருந்தா ஒண்டு தாங்க" என்றார் அந்த உம்மா. "அங்க உள்ளதவிடக் கெதியா ஏறணும். அப்பதான் வருவாரு."

சார்ஜரைத் திருப்பிப் பார்த்தேன். பழைய காலத்துச் சாமான். ஐந்து வோல்ட், ஒரு அம்பியர். அது யாரோடும் பேசாது. பேசத் தெரியாது. மாமி விசிறியைக் குத்தி வைத்திருந்தபோதும் ஹாஜியார் வீட்டில் போனுக்கு ஏழு வாட் போனது. இதில் ஐந்துதான். கெதியாக ஏறுகிறது என்று சொல்லிக்கொண்டு அந்த மனிதர் அதைவிட மெதுவான சார்ஜரில் போனைக் குத்திவிட்டு, அஸரிலிருந்து இஷா வரைக்கும் உம்மாவோடு உட்கார்ந்திருக்கிறார். ஏறாமல் கிடந்தது அவருக்கு வசதியாக இருந்திருக்கிறது. நான் மீட்டரோடு போய், உம்மாவிடம் போக அவருக்கு இருந்த அந்தச் சாக்கையும் பிடுங்கிவிட்டு, நன்றி வேறு எதிர்பார்த்திருக்கிறேன். எனக்கு என் மேலேயே வெட்கமாக இருந்தது.

அவருக்குப் புது வயர் ஒன்று மாற்றிக் கொடுத்தேன். "உம்மா, சார்ஜருக்கு ஒண்டுமில்ல. இதவிட நல்லது என்ட கடையில இல்ல" என்றேன். நம்பிக்கையில்லாமல் என்னைப் பார்த்துவிட்டுப் போனார்.

கடையை என் தம்பியிடம் விட்டுவிட்டு நேரே சாரன் கடைக்குப் போனேன். ஹாஜியார் சிரித்துக்கொண்டே கதிரை காட்டினார். நான் உட்காரவில்லை. நடந்ததை நின்றபடியே சொன்னேன். ஐந்து வாட்டையும் ஏழு வாட்டையும் கடதாசித் துண்டில் எழுதியும் காட்டினேன்.

அவர் அந்தத் துண்டை நெடுநேரம் பார்த்தார். சிரிப்பு போய்விட்டது.

"உம்மாவப் பாக்கப் போறன் எண்டு என்னட்டச் சொல்லியிருக்கலாமே. நான் வேணாம் எண்டா சொல்லுவன்?"

"வேணாம் எண்டு சொல்லமாட்டீங்க, ஹாஜியார். நாங்க என்ன குறை வச்சம் எண்டு கேப்பீங்க."

ஹாஜியார் பக்கத்து அடுக்குப் பக்கம் திரும்பினார். மடித்திருந்த சாரன் ஒன்றை விரித்தார், திரும்ப மடித்தார். அவர் கோபப்படப் போகிறார் என்று நினைத்தேன். வீட்டுக்கு வந்த மருமகன் ஒவ்வொரு நாளும் வேறு வீட்டில் இருக்கிறார் என்ற பேச்சு மறுபடி வரும். அதைத்தான் அவரால் தாங்க முடியாது.

"அந்தப் பழசில முழுசா ஏற எவ்வளவு நேரம் செல்லும்?"

"முப்பதில குத்தினா மூண்டு, நாலு மணித்தியாலம் போகும்."

"அப்ப அஸருக்குப் போனா இஷாக்கு வரலாம்" என்றார், தனக்குத்தானே கணக்குப் பார்க்கிற மாதிரி. பிறகு நிமிர்ந்து என்னைப் பார்த்தார். "தம்பி, நீங்க குறை நினைக்கக்கூடாது."

எதற்கு என்று அன்று பின்னேரம்தான் புரிந்தது. அவர் வீட்டுக்குப் போய் எல்லாருக்கும் முன்னால், "கடைக்காரன் வந்து சொல்லிட்டுப் போறான். அவன் தந்த சார்ஜர் போனச் சூடாக்குதாம், பற்றரி போயிருமாம். மருமகன், நீங்க உம்மாட ஊட்ட உள்ள பழசிலயே போடுங்க. அதுதான் நல்லதாம்" என்று சொல்லியிருக்கிறார். மருமகன் போனை எடுத்துக்கொண்டு உடனே புறப்பட்டாராம். மாமி வட்டிலப்பத்தில் பாதியை வெட்டி, "உம்மாக்கும் குடுங்க" என்று கையில் கொடுத்து அனுப்பினாராம். சாரன் கடைக்கு வருகிறவர்களுக்கும் இப்போது இதே விளக்கம்தான். மருமகன் ஏன் போகிறார் என்று யாராவது கேட்டால், "அந்தப் போன் கடைக்காரன நம்பி ஏமாந்திட்டன்" என்கிறாராம்.

சூடு குறைவு என்று வாய் வலிக்க நானே விளக்கிக் கொடுத்த சார்ஜர். அதைச் சூடாக்குகிற சார்ஜர் என்று ஊரெல்லாம் பரப்பியாயிற்று. ஹாஜியாரை இரண்டு நாள் மனதார ஏசினேன். மூன்றாம் நாள் அஸருக்குப் பிறகு மருமகன் என் கடை வாசலால் மோட்டர்சைக்கிளில் போனார். என்னைக் கண்டதும் வேகத்தைக் குறைத்து, சிரித்து, தலையசைத்தார். பக்கத்தில் நின்ற வாடிக்கைக்காரர் கையிலிருந்த அதே மாதிரிச் சார்ஜரை மேசையில் வைத்துவிட்டு, "இது போனச் சூடாக்குமாமே, மெய்யா?" என்று கேட்டார்.

"ஓம். பொல்லாத சூடு" என்றேன். "வேற ஒண்டு எடுத்துத் தாறன்."